இளநீரும் மூன்று இயந்திரங்களும்

சீவாத இளநீருக்குள் கிருமி கிடையாது. மட்டையும் ஓடும் சேர்ந்து அதைப் பல வாரம் காப்பாற்றிவிடும். அரிவாள் பட்ட கணத்தில்தான் வம்பு தொடங்குகிறது. அரிவாளில் இருந்ததும், மட்டையில் இருந்ததும், காற்றில் இருந்ததும் உள்ளே போகின்றன. சர்க்கரையும் தாது உப்பும் கலந்த அந்த நீர் அவற்றுக்கு விருந்து. சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். அதற்கு முன்பே நீரில் இயற்கையாக உள்ள இரண்டு வகை நொதிகள் காற்றோடு சேர்ந்து அதை இளஞ்சிவப்பாக மாற்றிவிடுவதும் உண்டு.

புட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்ப வேண்டுமென்றால் காய்ச்சலாம். பாலுக்கு அதைத்தான் செய்கிறோம். ஆனால் இளநீரில் அந்த நொதிகளில் ஒன்று படு முரடு. 90 டிகிரியைத் தாண்டினால்தான் அடங்கும். அதற்குள் இளநீரின் மணம் ஆவியோடு போய், மீதியிருப்பது லேசாக இனிக்கும் வெந்நீர் மாதிரி ஆகிவிடும். அதனால்தான் இளநீர் விற்பவர்களின் கண் சூடு வைக்காமல் கிருமியைக் கொல்லும் முறைகள் மேல் விழுந்தது. உணவுத் தொழில்நுட்பத்தில் இவற்றில் மூன்று முக்கியமானவை: பெரும் அழுத்தத்தில் நசுக்குவது, காமா கதிர் போன்றவற்றைப் பாய்ச்சுவது, மின்சாரத்தை நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் துடிப்புகளாகச் செலுத்துவது. பாடப்புத்தகங்கள் மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து வைத்துவிடும். படிப்பவருக்கு ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் பயன்படுத்தலாம் போலத் தோன்றும். உண்மையில் மூன்றும் கிருமியின் உடலில் மூன்று வேறு இடங்களைத் தாக்குகின்றன. எது எந்த இடத்தை உடைக்கிறது என்று தெரிந்தால், எந்த உணவுக்கு எது என்பது தானாகவே விளங்கிவிடும். ஒரே இளநீரை மூன்று இயந்திரங்களுக்கும் கொண்டுபோய்ப் பார்ப்போம்.

அழுத்தத்தில் ஆரம்பிக்கலாம். யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பெர்ட் ஹைட் என்பவர் 1899-லேயே பாலை அழுத்தத்தில் வைத்து, அது கெடுவது தள்ளிப்போவதைக் காட்டினார். 1914-ல் பெர்சி பிரிட்ஜ்மன் என்ற இயற்பியலாளர் முட்டையின் வெள்ளைக் கருவை அழுத்தத்தில் வைத்தபோது, அடுப்பே இல்லாமல் அது வெந்ததுபோல் கட்டியானது. ஆனால் அந்த அழுத்தத்தை ஆயிரம் முறை, லட்சம் முறை தாங்கக்கூடிய பெரிய கலத்தைச் செய்ய உலோகத் தொழிலுக்கு இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1990-ல் ஜப்பானில் மெய்டி-யா நிறுவனம் இப்படிப் பதப்படுத்திய பழ ஜாம்களைக் கடைக்குக் கொண்டுவந்தது. வியாபாரத்துக்கு வந்த முதல் பொருள் அதுதான்.

இன்றைய ஆலையில் நடப்பது இது. இளநீரை முதலில் பிளாஸ்டிக் புட்டியில் அடைத்து மூடிவிடுகிறார்கள். கண்ணாடிப் புட்டி உதவாது; ஏன் என்று பிறகு தெரியும். 4 டிகிரிக்குக் குளிரவைத்த புட்டிகளை, துளை போட்ட பெரிய உருளைக் கூடைகளில் அடுக்கி, படுக்கைவாக்கில் இருக்கும் தடித்த எஃகுக் கலத்துக்குள் தள்ளுகிறார்கள். கலத்தைச் சுற்றி எஃகுக் கம்பியை இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். அந்தக் கம்பிச் சுற்று இல்லாவிட்டால் கலமே பிளந்துவிடும். உள்ளே தண்ணீரை நிரப்பி, அதற்கு மேலும் தண்ணீரைத் திணித்துத் திணித்து அழுத்தத்தை 600 மெகாபாஸ்கலுக்கு ஏற்றுகிறார்கள். நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று தரும் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஆறாயிரம் மடங்கு. பசிபிக் கடலின் மரியானா அகழியில் பதினோரு கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதைவிட ஐந்து மடங்குக்கும் மேல். மூன்று நிமிடம் அப்படியே வைத்திருந்து, அழுத்தத்தை நொடிகளில் விட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவு அழுத்தத்தில் புட்டி ஏன் சப்பையாகவில்லை? எல்லாப் பக்கமும் ஒரே அளவு அழுத்துவதால்தான். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால்தான் பொருள் நசுங்கும். ஆனால் தண்ணீரையே இந்த அழுத்தம் சுமார் 15 சதவீதம் சுருக்கிவிடுகிறது. புட்டி அந்த அளவு உள்வாங்கிப் பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். கண்ணாடியால் அது முடியாது. புட்டியின் கழுத்தில் காற்று அதிகம் இருந்தால் பிளாஸ்டிக்கும் மடிந்து கசங்கும். சூடும் கொஞ்சம் ஏறும்: ஒவ்வொரு 100 மெகாபாஸ்கலுக்கும் சுமார் 3 டிகிரி. 4 டிகிரியில் உள்ளே போன இளநீர் உச்ச அழுத்தத்தில் 22 டிகிரி அளவில் இருக்கும். அழுத்தத்தை விட்டதும் கிட்டத்தட்டப் பழைய குளிருக்கே திரும்பிவிடும்.

கிருமி எதனால் சாகிறது என்பதில்தான் இந்த முறையின் அழகு இருக்கிறது. அணுக்களை மூலக்கூறாகக் கட்டி வைத்திருக்கும் வலுவான பிணைப்புகளை இந்த அழுத்தம் தொடுவதில்லை. அதனால் வைட்டமின், மணம், நிறம் போன்ற சிறு மூலக்கூறுகள் அப்படியே தப்பிவிடுகின்றன. ஆனால் புரதம் என்பது நீண்ட சங்கிலி. அது சரியான வடிவத்தில் மடிந்திருப்பது பல பலவீனமான பிணைப்புகளால். அந்த மடிப்பைத்தான் அழுத்தம் குலைக்கிறது. பாக்டீரியாவின் தோலில் பதிந்திருக்கும் புரதங்கள் குலைகின்றன, தோல் ஓட்டையாகிறது, உயிர் போகிறது. பிரிட்ஜ்மனின் முட்டை கட்டியானதும் இதே காரணத்தால்தான். பச்சை இறைச்சியை இந்த அழுத்தத்தில் வைத்தால் பாதி வெந்ததுபோல் வெளிறிப்போவதும் இதனால்தான். எனவே பச்சைக்கறிக்கடைக்காரருக்கு இந்த இயந்திரத்தால் பயன் குறைவு. சிப்பி விற்பவருக்கோ இரட்டை லாபம். ஓட்டோடு தசையை ஒட்டியிருக்கும் புரதம் விட்டுக்கொடுத்துவிடுவதால் சிப்பி கத்தியே படாமல் திறந்துகொள்கிறது, அதிலிருக்கும் கொடிய விப்ரியோ கிருமியும் சாகிறது. லூசியானாவின் சிப்பி வியாபாரிகள் இந்த இயந்திரத்தை வாங்கியது அதற்குத்தான்.

இளநீருக்கு வருவோம். புளிக்க வைக்கும் பாக்டீரியா, ஈஸ்ட், வயிற்றைக் கெடுக்கும் ஈ.கோலை, சால்மொனெல்லா எல்லாம் போய்விட்டன. மணம் அப்படியே இருக்கிறது. இங்கே கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

ஆனால் சில பாக்டீரியாக்களுக்கு ஆபத்துக் காலத்தில் ஸ்போர் என்ற வடிவம் எடுக்கத் தெரியும். தன் மரபுப் பொருளை நீர் வற்றிய உள்ளறையில் பத்திரமாக வைத்து, அடுக்கடுக்காக உறை போட்டுக்கொண்டு தூங்கிவிடும். குலைப்பதற்கு அதற்குள் இளகிய புரதமோ தண்ணீரோ போதுமான அளவில் இல்லை. 600 மெகாபாஸ்கல் அதை ஒன்றும் செய்யாது. சிலவற்றைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடக்கூடச் செய்யும். அப்படி ஸ்போராகக்கூடிய கிருமிகளில் மோசமானது கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம். நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்குவது. அதற்குக் காற்று ஆகாது, புளிப்பு ஆகாது. புளிப்பு அளவு 4.6 பி.எச்.சுக்குக் கீழே இருந்தால் அதன் ஸ்போர் முளைக்காது. ஆரஞ்சுச் சாறும் எலுமிச்சைச் சாறும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. இளநீரின் பி.எச். ஏறக்குறைய 5. கோட்டுக்கு மேலே.

இப்போது நம் புட்டியைப் பாருங்கள். காற்றுப் புகாத மூடி, புளிப்பில்லாத நீர், சர்க்கரை. போட்டிக்கு இருந்த மற்ற கிருமிகளை எல்லாம் நாமே கொன்றுவிட்டோம். வெறும் இளநீராக இருந்தால் பாட்டுலினம் தலைதூக்குவதற்கு முன்பே பிற பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து, குடிக்க விடாமல் நம்மை எச்சரித்திருக்கும். அந்தக் காவலாளி இப்போது இல்லை. குளிரில் வைத்தால் போதாதா என்றால், பாட்டுலினத்தில் ஒரு பிரிவு 3 டிகிரியிலேயே மெல்ல வளரக்கூடியது. அந்தப் பிரிவு வளர்ந்தாலும் நாற்றம் வராது. புட்டி உப்பாமலும் இருக்கலாம். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் நம் பழைய வித்தை இங்கே செல்லாது.

இது வெறும் கற்பனைப் பயமா என்று கேட்கலாம். 2015-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், காய்ச்சாத இளநீரைப் புட்டியில் விற்ற ஒரு நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. யாருக்கும் நோய் வந்ததென்று அல்ல. இந்த ஸ்போரைக் கட்டுப்படுத்த உங்கள் முறையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இன்றும் அழுத்த முறையில் இளநீர் தயாரிப்பவர் ஒவ்வொருவரும் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் எலுமிச்சை சேர்த்துப் பி.எச்.சைக் கோட்டுக்குக் கீழே கொண்டுவரலாம், சுவை மாறும். மிக நுண்ணிய வடிகட்டியால் ஸ்போரையே பிடித்து அகற்றலாம். அப்படியானால் கொல்லும் வேலையில் பாதியை வடிகட்டிதான் செய்கிறது. ஆயுளைச் சில நாள்களாகக் குறைத்து, ஆலையிலிருந்து கடைவரை குளிர் விடாமல் காக்கலாம். நம் ஊர் மின்வெட்டை நினைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. இவை போதாதென்று அந்த நொதிகளும் அழுத்தத்துக்கு முழுதாக அடங்குவதில்லை. புட்டியில் இளநீர் இளஞ்சிவப்பாகிவிடும். விற்பவர்கள் அதையே இயற்கையின் அடையாளம் என்று விளம்பரப்படுத்திக்கொண்டது வியாபாரச் சாமர்த்தியம்.

அழுத்தத்தோடு சூட்டையும் சேர்த்தால் ஸ்போர் சாகும். 90 டிகிரியில் தொடங்கி அழுத்தம் கொடுத்தால், அழுத்தத்தாலேயே ஏறும் சூடும் சேர்ந்து 121 டிகிரி அளவுக்குக் கொண்டுபோகும். மசித்த உருளைக்கிழங்குக்கு இப்படி ஒரு முறையை அமெரிக்க நிர்வாகம் 2009-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் சூடு வேண்டாம் என்று தொடங்கிய பயணம் 121 டிகிரியில் போய் நிற்பதைக் கவனிக்கலாம்.

சரி, இளநீரை அடுத்த இயந்திரத்துக்குக் கொண்டுபோவோம். மின்துடிப்பு முறையில் புட்டியில் அடைப்பதற்கு முன்பே வேலை நடக்கிறது. இளநீர் ஒரு குழாயில் ஓடிக்கொண்டிருக்கிறது. குழாயில் ஓரிடத்தில் இரண்டு மின்முனைகள். அவற்றுக்கிடையே பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் மைக்ரோநொடி கணக்கில் வந்து வந்து போகிறது. இங்கே குறி கிருமியின் தோல் மட்டுமே. மெல்லிய கொழுப்புப் படலமான அந்தத் தோல் தன் இருபுறமும் ஏறக்குறைய 1 வோல்ட் வேறுபாடு வரை தாங்கும். அதைத் தாண்டினால் துளை விழும். சின்னத் துளையாக இருந்தால் மூடிக்கொள்ளும்; பெரிதாகிவிட்டால் உள்ளிருப்பது வெளியே வழிந்துவிடும்.

இந்த ஒரு வோல்ட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. உருண்டையான ஒரு செல் தன் மீது வாங்கிக்கொள்ளும் வோல்ட், மின்புலத்தின் வலிமையையும் செல்லின் ஆரத்தையும் பெருக்கி, மேலும் ஒன்றரையால் பெருக்கினால் கிடைக்கும். பாக்டீரியாவின் குறுக்களவு சுமார் 1 மைக்ரான். அதற்கு 1 வோல்ட் வர வேண்டுமென்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 13 ஆயிரம் வோல்ட் தேவை. ஓட்டை மூடாமல் இருக்க வேண்டும், எல்லாக் கிருமிக்கும் பட வேண்டும் என்பதால் ஆலைகளில் இதற்கு மேலேயே வைக்கிறார்கள். உருளைக்கிழங்கின் செல்லோ 100 மைக்ரான் அளவு பெரியது. அதே கணக்கில் அதற்குச் சென்டிமீட்டருக்கு 130 வோல்ட் போதும். நூறில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மின்துடிப்பு முறையின் வரலாறு முழுவதும் விளங்கிவிடும். ஜெர்மனியில் 1960 வாக்கில் ஹைன்ஸ் டோவன்ஷ்பெக் இதைத் தொடங்கினார். 1967-ல் இங்கிலாந்தில் சேல், ஹாமில்டன் இருவரும் கிருமி சாவது சூட்டினால் அல்ல, மின்புலத்தினால்தான் என்று சோதனைகளில் காட்டினார்கள். 1996-ல் அமெரிக்காவில் காய்ச்சாத ஆப்பிள் சாற்றில் ஈ.கோலை கலந்து பலர் நோயுற்று ஒரு குழந்தை இறந்தபின், சாற்றில் இருக்கும் நோய்க்கிருமியை லட்சத்தில் ஒன்றாகக் குறைத்தாக வேண்டும் என்று அங்கே விதி வந்தது. அந்த விதியைக் காய்ச்சாமல் நிறைவேற்ற ஓரிகான் மாநிலத்தில் ஒரு சிறு சாறு நிறுவனம் 2006 வாக்கில் மின்துடிப்பைப் பயன்படுத்திப் பார்த்தது. நீண்ட நாள் ஓடவில்லை. இந்த முறையின் பெரிய வெற்றி வந்தது உருளைக்கிழங்குச் சிப்ஸ் ஆலையில். அங்கே கிருமியைக் கொல்வது நோக்கமே அல்ல. முழுக் கிழங்கின் வழியாகத் துடிப்பைச் செலுத்தினால் செல்கள் ஓட்டையாகிக் கிழங்கு வளைந்துகொடுக்கும். முன்பெல்லாம் வெட்டுவதற்கு முன் கிழங்கை வெந்நீரில் நெடுநேரம் ஊறவைத்து இளக்குவார்கள். இப்போது நொடியில் ஆகிறது. கத்தி வழவழப்பாக வெட்டும், உடைசல் குறையும், எண்ணெய் குடிப்பது குறையும். ஒரு கிலோ கிழங்குக்குச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 1 கிலோஜூல். அது கிழங்கின் சூட்டைக் கால் டிகிரி அளவுக்குத்தான் உயர்த்தும்.

இளநீரில் பாக்டீரியாவைக் கொல்ல லிட்டருக்கு 100 கிலோஜூல் அளவில் செலவாகும். அது இளநீரை 24 டிகிரி சூடாக்கும். எனவே குளிரவைத்து அனுப்பி, வெளியே வந்ததும் மறுபடி குளிரவைக்க வேண்டும். சூடில்லா முறை என்ற பெயர் இந்த இடத்தில் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. பல ஆலைகள் சாற்றை முதலிலேயே 40 டிகிரி போல வெதுவெதுப்பாக்கிக்கொள்கின்றன, சூட்டில் கிருமியின் தோல் இளகி எளிதில் ஓட்டையாவதால். இளநீருக்கு இன்னொரு தொல்லை, அதில் இருக்கும் பொட்டாசியம் உப்பு. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆப்பிள் சாற்றைவிட அதிக மின்னோட்டத்தை அது இழுத்துக்கொள்ளும், கருவி திணறும். குழாயில் ஒரு காற்றுக்குமிழி வந்துவிட்டால் அதன் வழியாகப் பொறி பறக்கும். இயந்திரம் தட்டிக்கொண்டு நிற்கும், மின்முனை அரிக்கும். அதனால் நுரையை முதலில் முழுதாக நீக்க வேண்டும். ஸ்போர்? அதன் உறைக்குள் இருக்கும் படலம் அத்தனை சிறியது, அத்தனை இறுகியது. துடிப்பு அதைத் தொடவே தொடாது. நொதிகளுக்கும் தோல் கிடையாது என்பதால் அவையும் பெரும்பாலும் தப்பிவிடும். அழுத்த இயந்திரத்தில் எங்கே மாட்டிக்கொண்டோமோ அதே ஸ்போரிடம் இங்கும் மாட்டிக்கொள்கிறோம். அங்கே புட்டியை மூடிய பிறகு கொன்றதால் மறுபடி கிருமி புக வழியில்லை. இங்கே கொன்ற பிறகுதான் புட்டியில் அடைக்கிறார்கள் என்பதால் அடைக்கும் அறையும் சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் அழுத்தக் கலம் கூடை கூடையாகத்தான் செய்யும், இது குழாயில் ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது கதிர்வீச்சு. இதில் குறி டி.என்.ஏ. கோபால்ட்-60 என்ற உலோகத்திலிருந்து வரும் காமா கதிர் செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ. சங்கிலியை நேராகவும் அறுக்கும், அக்கம்பக்கத்துத் தண்ணீரை உடைத்து அதிலிருந்து பிறக்கும் முரட்டுத் துண்டுகள் மூலமாகவும் அறுக்கும். முற்றத்தில் தூறல் விழும்போது விரித்த பாய் நனைந்துவிடும், பக்கத்தில் கிடக்கும் கைக்குட்டை தப்பிவிடலாம். டி.என்.ஏ. எவ்வளவு பெரிதோ அவ்வளவு சீக்கிரம் அடிபடும். எனவே பூச்சி மிகச் சுலபம், பாக்டீரியாவுக்குக் கொஞ்சம் அதிகம், ஸ்போருக்கு இன்னும் அதிகம், வைரஸுக்கு அதற்கும் மேல். நொதிக்கு டி.என்.ஏ. இல்லை, அது கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டிருக்கும்.

இந்த அளவை கிரே என்ற அலகால் அளக்கிறார்கள்: ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் ஒரு கிரே. வெங்காயமும் உருளைக்கிழங்கும் முளைவிடாமல் இருக்க நூறு கிரே அளவே போதும், சில சமயம் அதிலும் குறைவு. மிளகாய்த்தூள், மிளகு போன்ற மசாலாக்களில் கிருமியை ஒழிக்கப் பத்தாயிரம் கிரே அளவில் தேவை. அந்தப் பத்தாயிரம் கிரேகூடத் தண்ணீரின் சூட்டை இரண்டரை டிகிரிக்கு மேல் உயர்த்தாது. மூன்றில் சூடில்லா முறை என்ற பெயருக்கு உண்மையாகவே தகுதியானது இதுதான். கோபால்ட்டின் காமா கதிருக்கு உணவின் அணுக்களைக் கதிரியக்கம் உள்ளவையாக மாற்றும் அளவு ஆற்றலும் கிடையாது. எக்ஸ்ரே எடுத்துவிட்டு வரும் நம் கை அதன்பின் ஒளிர்வதில்லை, இல்லையா, அதே நியாயம்தான்.

பாட்டுலினம் ஸ்போரைக் கதிரால் கொல்ல முடியுமா? முடியும். ஆனால் அதற்கு 45 ஆயிரம் கிரே அளவில் போக வேண்டும். விண்வெளி வீரர்களுக்கான இறைச்சிக்கு இந்த அளவு கொடுக்கிறார்கள். அதற்கும் முன்பே நொதியை அடக்க இறைச்சியை வேகவைத்து, உறையவைத்த நிலையில்தான் கதிரைக் காட்டுகிறார்கள். ஏனென்றால் உறைந்த நீரில் அந்த முரட்டுத் துண்டுகள் ஓடித்திரிந்து சுவையைக் கெடுக்க முடியாது. இளநீர் நூறில் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். இந்த அளவு கதிரைத் தாங்கிவிட்டு அது இளநீராக இருக்காது. அதிக அளவில் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு: 2008-ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவில் 50 ஆயிரம் கிரேக்கு மேல் கதிர்வீச்சூட்டிய உலர்தீனியைத் தின்ற பூனைகளுக்குத் தண்டுவட நோய் வந்து பின்னங்கால்கள் விழுந்துபோயின. அந்நாடு பூனைத் தீனிக்கு மட்டும் இதைத் தடை செய்தது. மனிதர் உண்ணும் உணவுக்கு எங்கும் வழக்கமான அளவு அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

இளநீருக்கு ஆகாத இந்த இயந்திரம் மாம்பழத்துக்குச் செய்வதைப் பார்த்தால் அதன் உண்மையான இடம் தெரியும். மாங்கொட்டையைப் பிளக்கும்போது உள்ளிருந்து கறுப்பு வண்டு ஊர்ந்து வருவதைப் பார்த்திருப்போம். பிஞ்சுக் காயின் தோலில் தாய் வண்டு முட்டையிடும். புழு கொட்டைக்குள் துளைத்துப் போய்விடும். காய் வளர வளரத் துளை மூடிக்கொள்ளும். பழுத்தபின் வெளியே எந்த அடையாளமும் இருக்காது. வெந்நீரில் முக்கினாலும் ஆவி பிடிக்க வைத்தாலும் கொட்டை வரை சூடு போய்ச் சேருவதற்குள் பழம் கெட்டுவிடும். இந்த வண்டு தன் நாட்டுக்குள் வந்துவிடுமோ என்ற பயத்தால் அமெரிக்கா நம் மாம்பழத்தை நெடுங்காலம் உள்ளே விடவில்லை. 2007 ஏப்ரலில்தான் கதவு திறந்தது. நாசிக் மாவட்டத்தில், வெங்காய மண்டிக்குப் பேர்போன லாசல்காவில், வெங்காயத்துக்காக 2002-ல் அணுசக்தித் துறை அமைத்த கதிர்வீச்சு நிலையத்தில் வைத்து, பழத்துக்குக் குறைந்தது 400 கிரே கொடுத்து அனுப்பினார்கள்.

400 கிரே வண்டைக் கொல்லாது. அதை மலடாக்கும், அவ்வளவுதான். அமெரிக்கத் துறைமுகத்தில் பழத்தை அறுத்தால் உயிருள்ள வண்டே கண்ணில் படலாம். பட்டாலும் அது குட்டி போடாது என்பதால் சரக்கு செல்லும். அப்படியானால் கதிர் பட்டதா இல்லையா என்று ஆய்வாளர் எப்படி அறிவார்? பழத்தைப் பார்த்தோ வண்டைப் பார்த்தோ அறிய முடியாது. பெட்டிகளுக்கிடையே வைத்த அளவுமானிகள் காட்டிய அளவும், அதைச் சாட்சியாகப் பார்த்தவர் கையெழுத்திட்ட தாளும்தான் சான்று. அதற்காக அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் இந்தியாவுக்கு வந்து பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கொரோனா காலத்தில் அவர் வர முடியாமல் 2020, 2021 இரண்டு பருவமும் ஏற்றுமதி நின்றுபோனது, 2022-ல் மீண்டது. 2025 மே மாதம் மும்பையில் கதிர்வீச்சூட்டப்பட்ட பதினைந்து சரக்குகள் அமெரிக்க விமான நிலையங்களில் ஆவணப் பிழை என்று நிராகரிக்கப்பட்டன. கதிர் கொடுத்தோம் என்று ஏற்றுமதியாளர்கள் எவ்வளவு சொல்லியும் பயனில்லை. திருப்பிக் கொண்டுவரும் செலவு கட்டாது என்று பழங்களை அங்கேயே அழித்தார்கள்.

அளவுமானியின் வேலை இன்னொன்றும் உண்டு. பெட்டியின் வெளிப்புறப் பழம் அதிகக் கதிரையும் நடுவில் இருப்பது குறைவாகவும் வாங்கும். நடுப்பழத்துக்கு 400 கிரே கிடைக்கும்படி வைத்தால் ஓரப்பழம் அதைப்போல் இரு மடங்கு வாங்கிவிடலாம். மாம்பழம் 1000 கிரேக்கு மேல் போனால் தோலில் கரும்புள்ளி விழும், சதை குழையும். எனவே பெட்டியை எப்படி அடுக்குவது, எப்போது திருப்புவது என்பதில்தான் நிலையத்தின் திறமை இருக்கிறது. அழுத்த இயந்திரத்துக்கு இந்தக் கவலையே இல்லை; அங்கே நடுப்புட்டிக்கும் ஓரப்புட்டிக்கும் ஒரே அழுத்தம்தான், ஒரே நொடியில்.

மூன்றையும் பார்த்தபின் ஒருவர் என்னிடம் எது சிறந்தது என்று கேட்டால், எதைக் கொல்ல வேண்டும், அது எதற்குள் இருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். வண்டு கொட்டைக்குள் இருந்தால் கதிர் ஒன்றுதான் அங்கே போய்ச் சேரும். உலர்ந்த மிளகில் அழுத்தம் வேலை செய்யாது, அதற்குத் தண்ணீர் வேண்டும், மின்துடிப்பும் அப்படியே. அவகாடோச் சட்னி, பழச்சாறு, பொட்டலத்தில் அடைத்த சமைத்த இறைச்சி என்றால் அழுத்தம். கிழங்கை வெட்ட வேண்டும் என்றால் மின்துடிப்பு. இந்த மூன்றில் வாங்குபவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவது கதிர்வீச்சு ஒன்றைத்தான். வட்டத்துக்குள் இலை போன்ற பச்சைக் குறியைப் பொட்டலத்தில் போட வேண்டும். விற்பவர்கள் பலர் அதைப் போடத் தயங்கியே இந்த முறைக்கு வருவதில்லை. ஆனால் தன் ஸ்போரைக் கொல்லாத அழுத்தச் சாற்றுக்கு அப்படிப்பட்ட குறி கிடையாது. அதன் புட்டியில் கவனிக்க வேண்டியது குளிரில் வைக்கச் சொல்லும் சின்ன எழுத்துதான். அந்தப் புட்டியைக் கடைக்காரர் குளிர்ப்பெட்டிக்கு வெளியே வெயிலில் அடுக்கி வைத்திருந்தால், மூடி திறக்காமல் இருந்தாலும் வாங்க வேண்டாம்.

கடையில் குளிரே இல்லாமல் அட்டைப்பெட்டியில் மாதக்கணக்கில் நிற்கும் இளநீர் எப்படித் தப்பியது? அதைச் சில நொடிகள் 130 டிகிரிக்கு மேல் காய்ச்சி, கிருமியற்ற அறையில் அடைத்திருப்பார்கள். அதன் சுவை மட்டையிலிருந்து குடிப்பது போல இருக்காது. ஸ்போர் மட்டும் உறுதியாகச் செத்திருக்கும்.